கண்காட்சிக்கு ஓர் அழைப்பு மடல்

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும். அங்கு மாடு வாங்க வருபவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குளம்பைத் தடவிப் பார்ப்பார். சிறிது தொலைவு நடத்திப் பார்ப்பார். சுழி பார்ப்பவரும் உண்டு. இத்தகைய சந்தைகளில் தரகர் ஓர் உழவருக்குச் சொல்லியனுப்பும் செய்தி நீளமாக இருப்பதில்லை. 'நீங்கள் கேட்டபடி இரண்டு பல் போட்ட சோடி வந்திருக்கிறது. நாளைக் காலைக்குள் வந்து பாருங்கள்' என்ற அளவில் முடிந்துவிடும். சந்தைக்கு எத்தனை மாடுகள் வந்திருக்கின்றன என்பதைத் தரகர் சொல்வதில்லை. தம் தொழிலின் பெருமையையும் பேசுவதில்லை. உழவர் எதைத் தேடுகிறாரோ அது வந்திருக்கிறது என்பதையும், அதை நேரில்தான் பார்க்க முடியும் என்பதையும், எதற்குள் வரவேண்டும் என்பதையும் மட்டும் சொல்கிறார்.

இன்றைய வணிகக் கண்காட்சிகளுக்கு முன் அனுப்பப்படும் மின்னஞ்சல் அழைப்பும் இதே வேலையைச் செய்யவேண்டியது. ஆனால் பெரும்பாலான அழைப்புகள் திருமண அழைப்பிதழைப் போல எழுதப்படுகின்றன. திருமணத்திற்கு உறவின் பொருட்டு வருவர்; காரணம் கேட்கமாட்டார்கள். ஒரு கடையின் கொள்முதல் மேலாளரோ தம் கடையை ஒருநாள் விட்டுவிட்டு வரவேண்டியவர். அவருக்குக் காரணம் வேண்டும். அதுவும் ஒரே காரணமாக இருத்தல் வேண்டும்.

ஆரணியிலிருந்து ஒரு மடல்

திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் ஆரணி. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூர் நெசவாளர் குழு ஒன்று, திருவண்ணாமலையில் நவம்பர் 11 வியாழன் முதல் 14 ஞாயிறு வரை நடக்கும் கைத்தறிக் கண்காட்சியில் ஓர் அரங்கு எடுத்திருக்கிறது என்று கொள்ளலாம். தீபாவளி விற்பனை முடிந்துவிட்டது. மார்கழியில் திருமணங்கள் இல்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கும். சவுளிக் கடைகள் தை மாதத்திற்கான பட்டுச்சேலைகளைத் தெரிவு செய்யும் காலம் இது. ஒரு பட்டுச்சேலை தறியிலிருந்து இறங்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். ஆதலால் நவம்பர் நடுவில் கடைக்காரர் வந்து பார்த்து ஆணை தந்தால்தான் தைக்குச் சேலை கிடைக்கும். அவர் வராவிட்டால் தறியில் அடுத்து எந்தப் பாவை ஏற்றுவது என்பதைக் குழு ஊகத்தின் பேரில் முடிவு செய்யவேண்டும். ஊகம் தவறினால் நெய்த சேலை பெட்டியில் கிடக்கும். போட்ட பட்டுக்கும் சரிகைக்கும் பணம் முடங்கும்.

குழு முதலில் எழுதிய மடல் இது:

> பொருள்: கண்காட்சிக்கு அழைப்பு
>
> அன்புடையீர், வணக்கம். மூன்று தலைமுறைப் பாரம்பரியம் மிக்க எங்கள் குழு, திருவண்ணாமலையில் நடைபெறவுள்ள கைத்தறிக் கண்காட்சியில் பங்கேற்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுச்சேலைகள், நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில், அனைத்து வண்ணங்களிலும், நியாயமான விலையில் கிடைக்கும். சிறப்புத் தள்ளுபடியும் உண்டு. வருகை தரும் அனைவருக்கும் பரிசுக் குலுக்கல் நடைபெறும். எங்கள் விலைப்பட்டியலும் 48 பக்கப் படத்தொகுப்பும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்.

இம்மடலில் பொய் எதுவும் இல்லை. மொழியும் மரியாதையாகவே இருக்கிறது. ஆயினும் இதைப் படிக்கும் கொள்முதல் மேலாளர் திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறமாட்டார். ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

மடலில் ஆறு காரணங்கள் இருக்கின்றன: பாரம்பரியம், புவிசார் குறியீடு, பல வடிவங்கள், விலை, தள்ளுபடி, குலுக்கல். ஆறும் சேர்ந்தால் ஆறு மடங்கு வலிமை பெறும் என்று எழுதியவர் எண்ணியிருக்கலாம். படிப்பவருக்கோ இவற்றுள் எது தமக்கு உரியது என்று தேடும் வேலை மிஞ்சுகிறது. இரு வாடிக்கையாளர்களுக்கு இடையே கிடைக்கும் அரை நிமிடத்தில் கைபேசியில் அஞ்சல் பார்ப்பவர் அந்த வேலையைச் செய்யமாட்டார். அடுத்து, ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், எதுவும் அவரை வரச்செய்யும் தன்மை உடையதன்று. புவிசார் குறியீடு உண்மையான சிறப்புத்தான். ஆனால் அந்தச் சிறப்பு ஆரணியின் எல்லாத் தறிகளுக்கும் பொது. அது கண்காட்சி முடிந்த பிறகும் இருக்கும்; அதற்காக வியாழக்கிழமை கிளம்பி வரவேண்டியதில்லை. தள்ளுபடி என்பது ஒரு சேலை வாங்குபவரை ஈர்க்கும். ஐம்பது சேலை வாங்கும் கடைக்காரர் விலையைப் பேசித்தான் முடிவு செய்வார்; அறிவிக்கப்பட்ட தள்ளுபடியை அவர் பொருட்படுத்துவதில்லை. பரிசுக் குலுக்கல் கூட்டத்தைத் திரட்டும்; ஆனால் அந்தக் கூட்டத்தில் கடைக்காரருடன் பேச இடம் இருக்காது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, இணைத்து அனுப்பிய 48 பக்கப் படத்தொகுப்பு. படத்தைப் பார்த்துவிட்டவருக்குச் 'சேலைகளைப் பார்த்தாயிற்று' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அழைக்க எழுதிய மடலே வரவேண்டாத காரணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டது.

வந்தால்தான் கிடைப்பது எது?

எனவே அழைப்பு மடலுக்குரிய காரணத்தைத் தேடுபவர் கேட்கவேண்டிய கேள்வி, 'எங்களிடம் சிறந்தது எது?' என்பதன்று. 'இந்த ஒருவருக்கு, எங்கள் அரங்குக்கு வந்தால் மட்டுமே கிடைக்கக்கூடியது எது?' என்பதே. அஞ்சலில் அனுப்பக்கூடிய எதுவும் இதற்கு விடையாகாது. விலை, படம், வரலாறு, சான்றிதழ் ஆகியவை அஞ்சலில் போய்விடும். பட்டின் எடை போகாது. கையில் கசக்கிவிட்டால் அது திரும்பும் விதம் போகாது. சரிகையின் நிறம்கூடப் படத்தில் சரியாகத் தெரிவதில்லை. கைபேசிக்குக் கைபேசி மாறும்.

குழுவின் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. சுதேசி இயக்கம் 1905 ஆகஸ்டு 7 அன்று தொடங்கப்பட்டதன் நினைவாக, 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளையொட்டி நடந்த கண்காட்சி ஒன்றுக்கு வேலூர்ச் சவுளிக்கடை ஒன்றின் கொள்முதல் மேலாளரான பெண்மணி வந்திருந்தார். ஒரு மஞ்சள் சேலையைக் கையில் தூக்கிப் பார்த்து, 'நன்றாயிருக்கிறது, ஆனால் கனம். இப்போதைய பெண்கள் இலேசாகக் கேட்கிறார்கள். இலேசு என்று சொல்லிக் கொடுப்பவர்களோ நூலைக் குறைத்துவிடுகிறார்கள்' என்று சொல்லிச் சென்றார். அவர் எதுவும் வாங்கவில்லை. அரங்கில் இருந்தவர் அந்தச் சொற்களை அப்படியே எழுதி வைத்தார். மடலுக்கான காரணம் அந்தக் குறிப்பில்தான் இருந்தது; பாரம்பரியப் பெருமையில் இல்லை.

அவருடைய ஐயம் நியாயமானது. சேலையின் எடையை மூன்று இடங்களில் குறைக்கலாம். நீளவாட்டில் ஓடும் பாவில் குறைக்கலாம், குறுக்கே ஓடும் ஊடையில் குறைக்கலாம், சரிகையில் குறைக்கலாம். பாவு இழையை மெலிதாக்கினாலோ நெருக்கத்தைக் குறைத்தாலோ சேலை எளிதில் விலகும், கிழியும். ஊடையில் குறைத்தால் துணி சற்று மெலியும். அடிப்பு நெருக்கமாக இருந்தால் தளராது. சரிகையில் குறைத்தால் கரை குறுகும். துணிக்கு ஊறு இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இம்மூன்றில் எது நடந்தது என்று தெரியாது. 'இலேசான சேலை' என்ற ஒரே பெயரில் மூன்றும் விற்கின்றன. அதனால்தான் அனுபவமுள்ள கொள்முதலாளர்கள் இலேசான பட்டை ஐயத்தோடு பார்க்கிறார்கள்.

குழு அதே மஞ்சள் சேலையை இரண்டு எடைகளில் நெய்தது. முதல் சேலையில் பாவு 230 கிராம், மூவிழை ஊடை 330 கிராம், எட்டு அங்குலக் கரையும் முந்தியும் சேர்ந்து சரிகை 200 கிராம். மொத்தம் 760 கிராம். இரண்டாம் சேலையில் பாவைத் தொடவில்லை. அதே 230 கிராம். ஊடையை ஈரிழையாக்கியதால் 330 கிராம் 220 ஆயிற்று. கரையை நான்கு அங்குலமாக்கி, முந்தியில் பூக்களின் இடைவெளியைக் கூட்டியதால் சரிகை 90 கிராமாயிற்று. மொத்தம் 540 கிராம். குறைந்த 220 கிராமில் பாதி ஊடையில் போயிற்று, பாதி சரிகையில் போயிற்று. பாவில் ஒன்றும் போகவில்லை.

இந்தக் கணக்கையே மடலில் எழுதி அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம். எழுதினால் அது இன்னொரு விற்பனையாளரின் சொல்லாகத்தான் இருக்கும். அந்த அம்மையார் ஏற்கெனவே பலமுறை ஏமாந்த சொல் அது. இரண்டு சேலைகளையும் இரு கைகளில் ஏந்தி, தராசில் வைத்து, உருப்பெருக்கிக்குக் கீழே இழையை எண்ணிப் பார்த்தால்தான் ஐயம் தீரும். அதை அரங்கில் மட்டுமே செய்ய முடியும். காரணம் கிடைத்துவிட்டது.

திருத்தி எழுதிய மடல்

> பொருள்: ஒரே சேலை 760, 540 கிராமில்: நவ. 11, திருவண்ணாமலை
>
> மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.
>
> ஆகஸ்டு 7 கைத்தறி நாள் கண்காட்சியில் எங்கள் மஞ்சள் சேலையைத் தூக்கிப் பார்த்து, 'நன்றாயிருக்கிறது, ஆனால் கனம்' என்றீர்கள். இலேசாக்கினால் நூலைக் குறைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னீர்கள்.
>
> அதே சேலையை இப்போது இரண்டு எடைகளில் நெய்திருக்கிறோம். ஒன்று 760 கிராம், மற்றொன்று 540 கிராம். பாவு இரண்டிலும் ஒன்றே. எதில் எவ்வளவு குறைத்தோம் என்பதைத் தராசு வைத்து, உருப்பெருக்கியில் இழையை எண்ணி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.
>
> நவம்பர் 11 வியாழன் அல்லது 12 வெள்ளி, காலை 11 மணிக்கு, அரங்கு எண் 37-க்கு வந்தால் இருபது நிமிடம் போதும். ஞாயிறு பௌர்ணமி ஆதலால் அன்று ஊருக்குள் வண்டி வருவது கடினம்.
>
> எந்த நாள் வசதி என்று ஒரு சொல்லில் எழுதினால், இச்சேலைகளை நெய்தவரை அந்நேரம் அரங்கில் இருக்கச் சொல்கிறோம்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண்)
> நெசவாளர் குழு, ஆரணி

இம்மடலின் பொருள்வரி கவனிக்கத்தக்கது. கைபேசித் திரையில் பொருள்வரியின் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதி மறைந்துவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே தெரியும். ஆகவே 'திருவண்ணாமலையில் நடைபெறவுள்ள மாபெரும்' என்று தொடங்கினால் கண்காட்சி என்ற சொல்கூடத் திரைக்கு வந்து சேராது. இங்கே 'ஒரே சேலை 760, 540 கிராமில்' என்பது முதலில் நிற்கிறது. நாளும் ஊரும் மறைந்தாலும் காரணம் மறையாது.

மடலின் முதல் வரி அனுப்புநரைப் பற்றிப் பேசவில்லை; பெறுநர் சொன்ன சொல்லை நினைவூட்டுகிறது. இதைப் படித்ததும் 'இது எனக்கு எழுதியது' என்று அவருக்குத் தெரியும். ஒரே மடலை இருநூறு பேருக்கு அனுப்பும்போது இந்த வரியை எழுத முடியாது. அதனால் இவ்வகை அழைப்பைச் சிலருக்கே எழுத இயலும். குழுவினர் குறிப்பேட்டிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அவர்களுள் எடையைப் பற்றிக் கேட்டவர் ஐவர் என்றால் அந்த ஐவருக்கே இக்காரணம் பொருந்தும். சாயம் போகிறது என்று குறை சொன்னவருக்கு எடையைக் காட்டி அழைப்பது வீண். அவருக்கு வேறு மடல் வேண்டும்.

வேண்டுகோளும் ஒன்றே. வருவீர்களா, ஆணை தருவீர்களா, விலைப்பட்டியல் வேண்டுமா என்று மூன்று கேட்டால் மூன்றுக்கும் விடை வராது. 'வியாழன்' அல்லது 'வெள்ளி' என்ற ஒரு சொல்லை எழுதுவது எளிது. அப்படி எழுதிவிட்டவர் பெரும்பாலும் வந்துவிடுவார். தாம் சொன்ன நேரத்திற்கு ஒருவர் காத்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

விலை மடலில் இல்லை என்பதைச் சிலர் குறையாகக் கருதலாம். முதல்முறை வாங்கப்போகும் கடைக்காரர் விலையை மட்டும் முதலில் அறிந்தால், தாம் இப்போது வாங்கும் சேலையின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்துவிடுவார். எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது. ஆனால் அவர் மறுமொழியில் விலையைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். 'நேரில் வாருங்கள், சொல்கிறோம்' என்பது ஐயத்தை வளர்க்கும்.

நாளும் வழியும்

திருவண்ணாமலைக்கு ஒருவரை அழைப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் நாள் குறிக்கலாகாது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவதற்கு இலட்சக்கணக்கானோர் கூடுவர். அந்நாளில் வெளியூர்ப் பேருந்துகள் நகருக்கு வெளியே அமைக்கப்படும் தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நுழையாது. விடுதி அறை கிடைப்பதும் அரிது. ஐப்பசிப் பௌர்ணமி என்றால் அன்னாபிடேகமும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அரங்கில் கூட்டம் நிரம்பி வழியலாம். அது சில்லறை விற்பனைக்கு நல்ல நாள். வேலூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரும் கொள்முதல் மேலாளர் அன்று வந்தால் பாதி நாள் சாலையில் போய்விடும். அரங்கை அடைந்தாலும் சேலையை விரித்துக் காட்ட இடம் இராது. ஆதலால்தான் மடல் வியாழனையும் வெள்ளியையும் குறித்தது. சனியும் ஞாயிறும் அவருடைய கடையிலேயே விற்பனை மிகுந்த நாள்கள் என்பது இன்னொரு காரணம்.

மடலை அனுப்பும் நாளும் இதைப் போன்றதே. ஒரு மாதம் முன்பே அனுப்பினால் தீபாவளி நெரிசலில் மறைந்துபோகும். முதல் நாள் அனுப்பினால் அவர் வேறு வேலை ஏற்றுக்கொண்டிருப்பார். ஒன்பது, பத்து நாள் முன்பு, வாரத்தின் நடுவில், கடை திறந்து ஓரளவு ஓய்ந்திருக்கும் முற்பகலில் அனுப்புவது ஏற்றது. இங்கே அது நவம்பர் 2, செவ்வாய். நவம்பர் 9 அன்று நினைவூட்டும் மடல் ஒன்று போகும். அதில் புதிய காரணம் எதையும் சேர்க்கலாகாது. எந்த வாயிலில் நுழைவது, அரங்கு 37 எந்த வரிசையில் இருக்கிறது, வண்டியை எங்கே நிறுத்துவது என்ற மூன்று செய்திகள் போதும்.

மடல் போய்ச் சேராத இடங்கள்

தமிழில் எழுதும் அழைப்புக்கு ஒரு தனி இடர் உண்டு. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்த மடலை அப்படியே ஒட்டி அனுப்பினால், பெறுபவரின் கைபேசியில் தமிழ் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக நிற்கும். பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டவை இவ்வாறு சிதைவதைப் பலரும் கண்டிருப்பர். இது பிழை என்று அனுப்புநருக்குத் தெரியவே தெரியாது, ஏனெனில் அவருடைய கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும். ஒருங்குறியில் தட்டச்சு செய்வதும், அனுப்புமுன் தம் கைபேசிக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பதும் இதற்குத் தீர்வு. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அச்சகங்களிலும் சிறு அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் வாழ்கின்றன.

பெரிய இணைப்புகளும் பெறுநர் பலரை ஒரே மடலில் சேர்ப்பதும் வேறு இடர்கள். பன்னிரண்டு கடைக்காரர்களின் முகவரிகளையும் `To` என்ற இடத்தில் வரிசையாக இட்டால், ஒவ்வொருவரும் தம் போட்டியாளர்களின் பெயர்களைப் பார்த்துவிடுவார்கள். 'உங்களுக்காக நெய்தோம்' என்ற சொல் அங்கேயே பொய்யாகிவிடும். தனித்தனியே அனுப்புவதே முறை.

இவை எழுத்தோடு நிற்கும் இடர்கள். அரங்கில் நேரும் ஓர் இடர் இவற்றினும் கொடியது. முதல்நாள் காலையிலேயே யாரோ ஒருவர் அந்த 540 கிராம் சேலையை விரும்பிக் கேட்பார். நல்ல விலையும் தருவார். கையில் வந்த விற்பனையை விட மனம் வராது. அதை விற்றுவிட்டால், வெள்ளியன்று 80 கிலோமீட்டர் கடந்து வரும் அம்மையாருக்குக் காட்ட ஒரே ஒரு சேலைதான் மிஞ்சும். ஒப்பிட ஒன்றும் இராது. அழைப்பில் சொன்ன காரணம் அரங்கில் இல்லையென்றால் அவர் அடுத்த மடலைத் திறக்கமாட்டார். ஆகவே இரு சேலைகளிலும் 'காட்சிக்கு மட்டும்' என்று எழுதிய அட்டையைக் கட்டி, தராசையும் உருப்பெருக்கியையும் அவற்றின் அருகிலேயே வைத்துவிடவேண்டும். தராசின் மின்கலம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

மறுமொழிகள் சொல்வது

எடையைப் பற்றிக் கேட்ட ஐவருக்கு மடல் அனுப்பியாயிற்று என்று கொள்ளலாம். ஒருவரும் மறுமொழி எழுதவில்லை என்றால் பொருள்வரியிலோ முகவரியிலோ குறை இருக்கிறது. எழுத்துச் சிதைவையும் ஐயுறலாம். மறுமொழிகள் வந்து, அனைத்தும் 'விலை என்ன?' என்று மட்டும் கேட்டால், மடலில் சொன்ன காரணம் அவர்களைத் தொடவில்லை என்று பொருள். 'படம் அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்று ஒருவர் எழுதலாம். அவருக்குச் சேலையின் அழகிய படத்தை அனுப்புவதால் பயன் இல்லை. தராசில் இரு சேலைகளும் தனித்தனியே நிற்கும் படத்தை, எண் தெரியும்படி எடுத்து அனுப்பலாம்; இழை எண்ணிக்கையை நேரில்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்றும் எழுதலாம். வர இயலாத நிலையில் இருப்பவருக்கு, கண்காட்சி முடிந்த பின் இரு சேலைகளையும் அவர் கடைக்கே கொண்டுசெல்வதாகச் சொல்வதில் தவறு இல்லை.

வேலூர் அம்மையார் 'வெள்ளி' என்று எழுதினார் என்றும், சொன்னபடி வந்தார் என்றும் கொண்டால், அரங்கில் நடப்பது ஏறத்தாழ இவ்வாறு இருக்கும். அவர் முதலில் தராசைப் பார்க்கமாட்டார். இரண்டு சேலைகளையும் இரு கைகளில் ஏந்துவார். 540 கிராம் சேலையின் ஒரு முனையைக் கசக்கிவிட்டுப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்து ஊடையின் நெருக்கத்தைப் பார்ப்பார். அதன் பிறகே நெசவாளரிடம் பேசத் தொடங்குவார். 'எடை சரி. நாலங்குலக் கரை எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்களுக்குப் போதாது. ஆறங்குலமாக்கினால் எவ்வளவு வரும்?' நெசவாளர் கணக்குப் போடுவார். கரை அகன்றால் சரிகை ஏறத்தாழ முப்பது கிராம் கூடும். சேலை 570 கிராமுக்கு வரும். ஊடை மாறாது. 'அப்படியென்றால் மஞ்சளில் நான்கு, அரக்கில் இரண்டு. தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் வேண்டும்.'

அன்று மாலையே ஆரணிக்குத் தொலைபேசி போகும். சனிக்கிழமை ஏற்றுவதற்கு எடுத்து வைத்திருந்த எட்டங்குலக் கரைக்கான பாவு அப்படியே இருக்கும். அதற்கு முன் ஆறங்குலக் கரைக்குச் சரிகையைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கும்.